ஹீல் லிஃப்ட்: ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

செல்வி: ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். உயரத்தைச் சரிக்கட்ட ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் வைக்கும் 'ஹீல் லிஃப்ட்' வரும் இடத்தில் தலையணை மாதிரி 'குதியணை' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

பாலு: அழகான சொல். குதிகால் வலிக்கு வைக்கும் சிலிக்கான் பட்டைக்கும் இதையே வைத்துவிடலாம், இரண்டும் ஒன்றுதானே.

ராமநாதன்: இல்லை பாலு. முப்பது வருஷமாக இந்தக் காலணிகளைச் செய்கிறேன். வலிக்கு வைப்பது அமுங்கவேண்டும், உயரத்துக்கு வைப்பது அமுங்கக்கூடாது. பஞ்சு மாதிரி இருந்தால் கையில் அளக்கும்போது 10 மி.மீ. இருக்கும், ஆள் ஏறி நின்றதும் பாதிதான். 'அணை' என்றால் கடைக்காரர் மெத்தென்றதைத்தான் கொடுப்பார். அப்புறம், ஷூவுக்குள் சுமார் 10 மி.மீ. வரைதான் வைக்கலாம். அதற்கு மேல் போனால் குதிகால் ஷூவை விட்டு வெளியே எழும்பும். மிச்சத்தை அடியில்தான் ஏற்றவேண்டும். அது செருப்புத் தைப்பவர் வேலை. அதனால் உள்ளே வைப்பதற்கு ஒன்று, அடியில் ஏற்றுவதற்கு ஒன்று என்று இரண்டு சொல் வேண்டும்.

கலா: ஹை ஹீல்ஸுக்கு 'குதியுயர் காலணி' என்று ஏற்கெனவே இருக்கிறதே?

செல்வி: அது வேறு கலா.

மும்தாஜ்: எங்கள் அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்து கூடியபின் இடது கால் 22 மி.மீ. குட்டை. டாக்டர் முழுசாக வேண்டாம், 16 போதும், அதையும் படிப்படியாக ஏற்றுங்கள் என்றார். கடைசியில் உள்ளே 6, அடியில் 10 என்று முடிவானது. பின்வார் வைத்த செருப்பில் தெருமுனைக்காரர் அடி சோலைப் பிரித்து, கெட்டி இ.வி.ஏ. ஃபோம் ஷீட்டை ஒட்டி, பழைய சோலையே அதன் அடியில் ஒட்டிக் கொடுத்தார். ஒட்டு இன்றுவரை விடவில்லை. ஆனால் அம்மா நிலைப்படியில் இடறிக்கொண்டே இருந்தார்.

ராமநாதன்: நுனிவரை அதே 10 வைத்திருப்பார். குதியில் 10 என்றால் விரல் மடங்கும் இடத்தில் 6 போதும், நுனியில் 3க்குச் சீவி லேசாக மேல்நோக்கி வளைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தடித்த அடி மடங்காது, நுனி தரையில் தட்டும். இனி செய்யக் கொடுக்கும்போது மூன்று அளவையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஒரே அச்சாக வார்த்த பி.யு. சோல் செருப்பைக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே சில சமயம் கூடாக இருக்கும், அறுத்தால் ஒட்ட இடம் இருக்காது.

மும்தாஜ்: ஆமாம், நுனியைத் தேய்த்துக் கொடுத்த பிறகுதான் சரியானது. அவர் அதை 'ஏத்தம்' என்றார், "எவ்வளவு ஏத்தம் வேணும்?" என்று.

செல்வி: இதுதான் நான் தேடிய சொல்! உள்ளே வைப்பது 'குதியேற்றம்', அடியில் ஒட்டுவது 'அடியேற்றம்'.

பாலு: ஏற்றம் என்றால் கிணற்றில் நீர் இறைப்பதுதானே நினைவுக்கு வரும்? 'குதிக்கட்டை' என்று வைத்தால் கெட்டியானது என்பதும் தெரியும்.

ராமநாதன்: கட்டை என்றால் நம் ஆட்கள் மரத்தைச் செதுக்கி வைத்துவிடுவார்கள்.

செல்வி: 'அடியேற்றம்' இருக்கட்டும். உள்ளே வைப்பதற்கு இன்னும் இரண்டு நாள் பார்க்கிறேன்.