அயல்நாட்டு நாணயத் தீர்ப்பை ரூபாயாக்கும் நாள்: என்ன சொல் வைக்கலாம்?

தமிழரசி:
வணக்கம். டிஎல்எஃப் நிறுவனத்துக்கும் கொன்சார் என்ற குரோஷிய நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தந்த தீர்ப்பைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். நடுவர் மன்றம் யூரோவில் தொகை வழங்கிவிட்டது. அதை எந்த நாளின் விலைப்படி ரூபாயாக்குவது என்பதுதான் வழக்கு. அந்த நாளைக் குறிக்கும் 'கன்வெர்ஷன் டேட்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'மாற்றுத் தேதி' என்று போட்டேன். படித்துப் பார்த்த தோழி, "வாய்தா தள்ளிப்போய் வேறு தேதி கொடுத்துவிட்டார்களா?" என்று கேட்டாள். வேறு சொல் வேண்டும்.

பாஸ்கரன்:
வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன். இதில் குழப்பமே இல்லை. பணம் கைமாறும் நாளில் என்ன விலையோ அதுதான் விலை. 'செலுத்து நாள்' என்று வையுங்கள், முடிந்தது.

ராமலிங்கம்:
பாஸ்கரன் சார், நீங்கள் சொல்வது லண்டனுக்குப் பொருந்தும். 1975இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மிலியாங்கோஸ் வழக்கில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. பாலியஸ்டர் நூல் விற்ற சுவிஸ்காரருக்கு சுவிஸ் பிராங்கில் பாக்கி. பணம் தந்திருக்க வேண்டிய நாளின் விலைப்படி அது சுமார் 42,000 பவுண்டு. விசாரணைக்கு வந்தபோது பவுண்டு சரிந்து அதே பிராங்க் 60,000 பவுண்டை எட்டிவிட்டது. பழைய விதிப்படி அவருக்கு 42,000தான். அதை மாற்றி, தீர்ப்பைப் பிராங்கிலேயே கொடுக்கலாம், பணம் தரும்போதோ வசூலுக்கு நீதிமன்றம் அனுமதிக்கும்போதோ மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

நம் ஊரில் அப்படியில்லை. ராஜஸ்தானில் எண்ணெய்க் கிணறு தோண்டிய ஃபோராசோல் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்கும் ஓஎன்ஜிசிக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983இல் ஐந்து நாள்களை வரிசையாக எடுத்துப் பார்த்தது: பாக்கி விழுந்த நாள், வழக்குப் போட்ட நாள், தீர்ப்பாணை நாள், நிறைவேற்ற உத்தரவான நாள், பணம் வந்த நாள். தேர்ந்தெடுத்தது மூன்றாவதை. நடைமுறையை நினைத்துப் பாருங்கள். நிறைவேற்று மனு போட்டு ஒருவர் சொத்தை ஜப்தி செய்ய வேண்டுமானால், இத்தனை ரூபாய்க்கு என்று எழுத வேண்டும். தினமும் ஏறி இறங்கும் தொகைக்கு ஜப்தி போட முடியாது.

ஆனால் உங்கள் பேச்சில் பாதி சரி. கேட்கிறவர் பிராங்கிலேயே கொடு என்று கேட்கலாம், அரசு அனுமதியோடு எதிராளி பிராங்கிலேயே தந்துவிட்டால் மாற்றும் வேலையே வராது. தராதபோதுதான் தீர்ப்பாணை நாள் வருகிறது.

நசீர்:
என் பெரியம்மா மகன் துபாயில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு வந்த இடத்தில் சாலை விபத்தில் இறந்துபோனார். சம்பளம் மாதம் 3,500 திர்ஹம். மனு போட்டபோது ஒரு திர்ஹம் 12 ரூபாய்ச் சொச்சம், தீர்ப்பு வந்தபோது 19. எங்களுக்கு 12 கணக்கில்தான் போட்டார்கள். மாதம் 66,500 என்று கணக்கிட வேண்டியதை 42,000 ஆக்கிவிட்டார்கள். ராமலிங்கம் அண்ணன் சொல்வதைப் பார்த்தால் தீர்ப்பு நாள் விலை தந்திருக்க வேண்டுமே?

ராமலிங்கம்:
தம்பி, வருத்தமான விஷயம். ஆனால் தீர்ப்பாயம் செய்தது சட்டப்படிதான். நியூயார்க்கில் வேலை பார்த்த ஒருவர் கேரளத்தில் விபத்தில் இறந்த வழக்கில், 2013இல் உச்ச நீதிமன்றம் மனு தாக்கலான நாளின் விலையைத்தான் எடுக்கச் சொன்னது. நான் புரிந்துகொண்டபடி, அங்கே யாரும் யாருக்கும் திர்ஹமோ டாலரோ பாக்கி வைக்கவில்லை. இழப்பீடு தொடக்கத்திலிருந்தே ரூபாயில்தான், அயல்நாட்டுச் சம்பளம் இழப்பை அளக்கும் கோல் மட்டும். இடைப்பட்ட வருடங்களுக்கு மனு நாளிலிருந்து வட்டி ஓடும். அந்த வட்டி ரூபாய்ச் சரிவை ஈடுகட்டியதா என்று கேட்டால், எல்லா வழக்கிலும் இல்லை என்பேன்.

சிவகௌரி (யாழ்ப்பாணம்):
நாங்கள் இங்கே நாணயமாற்று வீதம் என்றுதான் சொல்லுவோம். பத்திரிகையிலும் அதுதான். 'வீதத் தேதி' என்றால் சின்னதாக இருக்குமே?

பாஸ்கரன்:
வீதம் என்றதும் தமிழ்நாட்டில் முதலில் வட்டி வீதம்தான் ஞாபகத்துக்கு வரும். அதே தீர்ப்பில் வட்டியும் ஓடுகிறதே. வட்டி தொடங்கும் தேதி என்று படித்துவிடுவார்கள். சரி, நாணயமாற்று நாள்? அதுவும் வேண்டாம். எங்கள் பிரிவில் அதைக் கேட்டால் உண்மையிலேயே யூரோ கொடுத்து ரூபாய் வாங்கிய நாள் என்று நினைப்போம். இங்கே அன்றைக்கு யாரும் எதையும் வாங்குவதில்லை, கணக்கு மட்டும்தான்.

தமிழரசி:
அதுதான் எனக்கும் சிக்கல். 'தீர்ப்பாணை நாள்' என்றே வைத்துவிடலாமா என்றும் பார்த்தேன். கொன்சார் வழக்கில் அது நிற்கவில்லை. நடுவர் தீர்ப்பு வந்தது 2004 மே மாதம். எதிர்ப்பு மனுக்கள் எல்லாம் முடிந்து அது நிறைவேற்றத்தக்கதானது 2014 ஜூலை 1. நீதிமன்றம் அந்த நாளைத்தான் எடுத்தது. ஆனால் நடுவில் 2010இல் டிஎல்எஃப் ஏழரைக் கோடி ரூபாயை நீதிமன்றத்தில் கட்டியிருந்தது. அந்தத் தொகைக்கு மட்டும் கட்டிய நாளின் விலை. ஒரே தீர்ப்பில் இரண்டு நாள்!

ராமலிங்கம்:
அந்த இரண்டாவது நாளின் கனத்தைப் பாருங்கள். கணக்குக்கு 2010இல் யூரோ 60 ரூபாய், 2014இல் 82 என்று வைத்துக்கொள்வோம், சந்தையும் அதை ஒட்டித்தான் இருந்தது. ஏழரைக் கோடி 60 விலையில் பன்னிரண்டரை லட்சம் யூரோக் கடனைத் தீர்க்கிறது. 82 விலையில் ஒன்பது லட்சத்துச் சொச்சம்தான். மூன்று லட்சத்துக்கு மேல் யூரோ வித்தியாசம், அதாவது இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். மீதிக் கடனை மட்டும் 2014 விலைக்குக் கொண்டுபோனார்கள்.

ஆகவே எந்த நாள் என்ற விடையைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிடக் கூடாது. தீர்ப்பாணை, தாக்கல், செலுத்து என்று எதைச் சேர்த்தாலும் அடுத்த வழக்கில் பொய்யாகிவிடும். சொல் பொதுவாக இருக்கட்டும். என் பரிந்துரை 'மாற்றுவீத நாள்', சேர்த்தே எழுத வேண்டும். வீதம் இருப்பதால் வாய்தா நினைவு வராது, மாற்று இருப்பதால் வட்டி நினைவும் வராது.

பாஸ்கரன்:
வீதம் என்றால் வாங்கும் விலையா விற்கும் விலையா என்று எங்கள் ஆள் அடுத்த கேள்வி கேட்பான். அதைச் சொல்லில் அடைக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் எனக்கு 'விலைகொள் நாள்' பிடித்திருக்கிறது.

சிவகௌரி:
விலைகொள் என்றால் ஏலம் மாதிரிக் கேக்குது அண்ணா.

தமிழரசி:
மாற்றுவீத நாளையே வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: "நீதிமன்றத்தில் கட்டப்பட்ட தொகைக்கு, அது கட்டப்பட்ட நாளே மாற்றுவீத நாளாகும், எஞ்சிய தொகைக்கு, நடுவர் தீர்ப்பு நிறைவேற்றத்தக்கதான நாளே மாற்றுவீத நாளாகும்." தோழிக்கு ஒரே வாசிப்பில் புரிந்தது. இப்போதைக்கு இதை வைக்கிறேன், நல்லது வந்தால் மாற்றலாம்.

ராமலிங்கம் ஐயா, ஒரு சந்தேகம். கட்டிய பணத்தை எதிர்த்தரப்பு எடுக்கவே கூடாது என்று நீதிமன்றம் தடுத்திருந்தாலும் கட்டிய நாள்தானா?

ராமலிங்கம்:
கொன்சாருக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்து எடுத்துக்கொள்ள அனுமதி இருந்தது. எடுத்துப் பயன்படுத்த வழி இருந்ததே என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அச்சாணி. வழியே இல்லாத வழக்கு என்னிடம் வந்தால், பணம் கிடைக்க வேண்டியவருக்காக வேறு மாதிரிதான் வாதாடுவேன். மூலத்தில் 'அனுமதிக்கப்பட்டிருந்தது' என்று வரும் இடத்தைத் தமிழில் மழுப்பிவிடாதீர்கள், அம்மா.