புதுப்பிப்பு: அப்பத்தா தோஹாவில் விமானம் மாறி டொராண்டோ வந்துவிட்டார்

என் கேள்வி: "78 வயது அப்பத்தா, முதல் விமானப் பயணம், தனியாக வருகிறார். ஆங்கிலம் தெரியாது. தோஹாவில் எப்படி விமானம் மாறுவார்?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. பலித்தது, விமான நிலையத்தில் வேலை பார்த்தவர் சொன்ன வழிதான்: சக்கர நாற்காலியை முன்கூட்டியே கேட்டு, டிக்கெட்டில் WCHR என்ற குறியீடு இரண்டு விமானங்களுக்கும் இருக்கிறதா என்று பார்ப்பது. முதல் விமானத்துக்கு மட்டுமே இருந்தது. தொலைபேசியில் பேசி இரண்டாவதற்கும் சேர்த்தேன். "கவுன்டரில் கேட்டாலே போதும்" என்றவர் சொன்னது பாதி சரி. சென்னையில் கிடைத்திருக்கலாம், தோஹாவை யார் பார்ப்பது? விசா பற்றி நீளமாக எழுதியவருக்கு: அது முன்பே கைக்கு வந்துவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. தோஹாவில் நாற்காலி தள்ள வந்தவர் போர்டிங் பாஸைக் கேட்டதும், அப்பத்தா சுருக்குப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு தர மறுத்துவிட்டார். "யாரிடமும் எதையும் கொடுக்க வேண்டாம், அப்பத்தா" என்று படித்துப் படித்துச் சொன்னது நான்தான்! தமிழ் தெரிந்த பயணி ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகே பை திறந்தது. கையில் கொடுத்தனுப்பும் தமிழ்க் குறிப்பில், "சீருடையில் வருபவரிடம் பாஸைக் காட்டலாம்" என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

நாற்காலி தள்ளுபவருக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அப்பத்தா முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாராம்.