மெல்லிய சாய்வெழுத்து மோனோகிராம்: இடைவெளிக்கும் தையலுக்கும் யோசனை சொல்லுங்க

அக்காமாரே, வெள்ளைக் காட்டன் கைக்குட்டையில் ஆங்கில எல், ஏ இரண்டையும் 3 செ.மீ. உயரச் சாய்வெழுத்தில் போடப்போறேன். தாளில் வரைந்து பார்த்தேன். நடுவே 4 மி.மீ. விட்டால், இரண்டுக்கும் மேல்பக்கம் வெற்றிடம் இருப்பதால் எழுத்துகள் விலகித் தெரியுது. 2 மி.மீ. என்றால் எல்லின் வால் ஏயின் காலை முட்டுது. நூல் ஏறினால் கோடு இன்னும் தடிக்கும். வாலைக் குறுக்கவா, ஏயின் அடியில் ஓடவிடவா?

நேர்க்கோட்டுக்கு ஒற்றை இழையில் ஸ்டெம் ஸ்டிச் போதும். சின்னச் சுழியில்தான் சிக்கல்: 2 மி.மீ. தையல் மூலை மூலையா உடையுது, 1 மி.மீ. போட்டால் கயிறு மாதிரி புடைக்குது. அங்கே மட்டும் பேக் ஸ்டிச் போட்டு, அதன்மேல் இன்னொரு இழையைச் சுற்றினால் வழவழப்பா வருமா? செய்தவங்க படம் போடுங்க.