ஒரு கேள்வி கேட்கட்டுமா, நேராகப் பதில் சொல்லட்டுமா?

கயல்: கமாண்ட் எழுதித் தரும் சின்ன சாட்பாட் ஒன்றைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். கேட்பது இரண்டு மூன்று விதமாகப் பொருள்பட்டால் அது ஒரே ஒரு கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட 300 எடுத்துக்காட்டுகளைக் கொடுத்து ஃபைன்ட்யூன் செய்தேன். இப்போது எதைக் கேட்டாலும் கேள்வியே வருகிறது. "இன்றைய தேதியைக் காட்டும் கமாண்ட் என்ன?" என்றால், "எந்த வடிவத்தில் வேண்டும்?" என்கிறது. எங்கே தப்பு?

பழைய டெர்மினல்: ஃபைன்ட்யூன் எதற்கு? "பொருள் தெளிவில்லை என்றால் மட்டும் ஒரு கேள்வி கேள்" என்று சிஸ்டம் ப்ராம்ப்டில் ஒரு வரி போடுங்கள், முடிந்தது.

முகிலன்: பெரிய மாடலுக்கு அந்த வரி ஓரளவு வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் "தெளிவில்லை" என்பதை எதை வைத்து அளப்பது? மனிதர்கள் கேட்கும் எதிலுமே ஏதாவது ஒன்று சொல்லாமல்தான் விடப்பட்டிருக்கும். தேதியின் வடிவமும் சொல்லப்படவில்லைதான். அதற்காக யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

கயல், உங்கள் 300 எடுத்துக்காட்டிலும் பாட் கேள்விதானே கேட்கிறது? அப்படியானால் எப்போது கேட்க வேண்டும் என்று அது கற்கவே இல்லை. "என் முதல் பதில் கேள்விக்குறியில் முடிய வேண்டும்" என்பதை மட்டும் கற்றிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி வேண்டும்: அதே கோரிக்கை, விட்டுப்போன தகவலோடு, உடனடிப் பதிலோடு. "திரும்ப வரும் வரிகளை நீக்கு" என்றால் கேள்வி. "திரும்ப வரும் வரிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கு" என்றால் நேராக கமாண்ட். இரண்டுக்கும் நாலைந்து சொற்கள்தான் வித்தியாசம். அந்தச் சொற்களைக் கவனிக்க வைப்பதுதான் பயிற்சி.

சாந்தி: எனக்கு இந்தக் கேள்வி கேட்கும் பழக்கமே எரிச்சல். பதில் முழுதும் சொல்லிவிட்டு, கடைசியில் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?", "இதை அட்டவணையாகத் தரட்டுமா?" என்று இழுக்கும். அதை நிறுத்த வழி சொல்லுங்கள்.

முகிலன்: அது வேறு சங்கதி. அது பதில் முடிந்தபின் ஒட்டும் வால். இங்கே பேசுவது, பதிலையே மாற்றக்கூடிய கேள்வி.

சாந்தி: சரி. ஆனால் ஒரு சேவை பாட்டிடம் பணம் திரும்பக் கேட்டபோது எந்த ஆர்டர், எந்தத் தேதி, என்ன காரணம் என்று ஒவ்வொன்றாக மூன்று முறை கேட்டது. மூன்றாவது கேள்வியில் சாளரத்தை மூடிவிட்டேன். அதுவும் வேறு சங்கதியா?

முகிலன்: இல்லை, அது இதேதான். உங்கள் பதில் வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை அதற்கு யாரும் காட்டவில்லை. எடுத்துக்காட்டு கேள்வியோடு முடிந்துவிடக் கூடாது. கோரிக்கை, கேள்வி, பயனர் பதில், அதற்குப் பிறகு பாட் வேலையை முடிப்பது என்று நாலு பேச்சும் இருக்க வேண்டும். கயல், உங்களுடையவை எங்கே முடிகின்றன?

கயல்: கேள்வியோடு முடிகின்றன. புரிகிறது.

அருள்: நான் மொத்தமாகவே எதிர்க்கிறேன். கேள்வி எதற்கு? இரண்டு பொருளுக்கும் பதில் கொடுத்துவிட்டால் போயிற்று. முகிலன் சொன்ன கோரிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள்:

```
awk '!seen[$0]++' list.txt
sort list.txt | uniq -u
```

கோப்பில் மாலா, ரவி, மாலா என்று மூன்று வரி இருக்கிறது. முதல் கமாண்ட் மாலா, ரவி இரண்டையும் தரும். இரண்டாவது ரவியை மட்டும் தரும், ஏனென்றால் ஒருமுறைக்கு மேல் வந்த எதையும் அது வைக்காது. பக்கத்தில் ஆளுக்கொரு வரி விளக்கம். பயனர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். ஒருவரைக் காத்திருக்க வைப்பதைவிட இது மேல்.

முகிலன்: இந்த அளவுப் பதிலுக்கு உங்கள் கட்சிதான் நானும். ஆனால் பாட் கமாண்டை எழுதித் தராமல் தானே கோப்பில் ஓட்டினால்? இரண்டையும் ஓட்ட முடியாது. பதில் இரண்டு பக்கம் நீளம் என்றாலும் இரண்டு பதிப்பு கொடுப்பது கொடுமை.

இன்னொன்று. இந்தக் கோரிக்கையில் மறைந்திருக்கும் பொருள் இரண்டு மட்டும் இல்லை. வரிசை மாறலாமா? பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றா? எல்லாவற்றையும் சேர்த்தால் எட்டு விதம். எட்டு கமாண்டா கொடுப்பீர்கள்? இங்கேதான் "ஒரே கேள்வி" என்ற கட்டுப்பாடு பயன்படுகிறது. எதைத் தவறாக ஊகித்தால் இழப்பு அதிகமோ அதை மட்டும் கேட்க வேண்டும்: ஒரு பிரதி மிஞ்ச வேண்டுமா, மொத்தமாகப் போக வேண்டுமா? மற்றதைத் தானே முடிவு செய்து, "வரிசையை மாற்றவில்லை" என்று பதிலில் ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். தேதி வடிவமும் இந்த இரண்டாவது வகை.

பழைய டெர்மினல்: சரி, கோரிக்கை தெளிவில்லை என்று பாட் கண்டுபிடிப்பது சுலபம். ஒரே கோரிக்கைக்குப் பத்து முறை பதில் எடுங்கள். பத்தும் ஒன்றாக இருந்தால் நேராகச் சொல்லலாம், பிரிந்தால் கேள்வி கேட்கலாம்.

முகிலன்: பாதி சரி. பதில்கள் பிரிவதற்கு மாடலின் அறியாமையும் காரணமாக இருக்கலாம். அதிகம் புழங்காத ஒரு கருவியைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு ஆப்ஷனை அதுவே கற்பனை செய்யும். அதை வைத்து "நீங்கள் எந்த ஆப்ஷனைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால், பயனர் தன்மேல் தப்பு என்று நினைத்துக்கொள்வார். பார்க்க ஒரு வழி: ஒரு பொருளைக் கோரிக்கையிலேயே எழுதிச் சேர்த்து மறுபடி பத்து எடுங்கள். இப்போது ஒன்றுபட்டால் குறை கோரிக்கையில். அப்போதும் சிதறினால் குறை மாடலில், அங்கே கேள்வி கேட்டுப் பயனில்லை.

கயல்: ஒரு சந்தேகம். கேள்வி, நேரடிப் பதில் இரண்டையும் தோழிகள் சிலரிடம் காட்டி எது நல்லது என்று கேட்டேன். பெரும்பாலும் நேரடிப் பதிலையே தேர்ந்தெடுத்தார்கள். அப்படியானால் அருள் சொல்வதுதான் சரியோ?

முகிலன்: பார்த்த இடம்தான் தப்பு. ஒரு பக்கம் முழுப் பதில், மறுபக்கம் வெறும் கேள்வி என்று வைத்தால் யாரும் பதிலையே எடுப்பார்கள். மதிப்பிடுபவருக்குச் சொந்தத் தேவை எதுவும் இல்லை, அந்த ஊகம் தவறு என்று அவருக்கு எப்படித் தெரியும்? 2024இல் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் திருத்தியது. கேள்விக்குப் பயனர் பதில் சொன்னபின் வரும் இறுதி விடையை வைத்து மதிப்பிட்டார்கள். உங்கள் தோழிகளிடம் முதலில் "உங்களுக்கு ரவி மட்டும் வேண்டும்" என்று சொல்லிவிட்டு, பிறகு இரண்டு உரையாடலையும் கடைசி வரை காட்டுங்கள்.

அருள்: ரவி மட்டும் வேண்டும் என்று நீங்களே சொல்லிவைத்தால் கேள்வி ஜெயிக்கத்தானே செய்யும்? பத்தில் ஒன்பது பேர் ஒரு பிரதி மிஞ்சுவதையே விரும்புவார்கள் என்றால், ஒருவருக்காக ஒன்பது பேரை நிறுத்துகிறீர்கள்.

முகிலன்: நியாயம். நிஜத்தில் யார் எதைக் கேட்கிறார்கள் என்ற விகிதத்திலேயே தேவைகளைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த விகிதம் கயலின் பயனர்களிடம் என்ன என்பது எனக்குத் தெரியாது.

சாந்தி: கேள்வி கேட்டு, நான் "எதுவானாலும் சரி" என்று சொன்னால்?

கயல்: அதற்கும் எடுத்துக்காட்டு எழுதவில்லை. ஒரு பிரதியை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். அதில் தப்பானாலும் எந்தப் பெயரும் தொலையாது, மற்றதில் மாலாவே போய்விடும்.