புதுப்பிப்பு: பெயர் மாறிய பாத்திரக்கடைப் பக்கம்

நான் கேட்டிருந்தது: “கும்பகோணத்துல நம்ம பாத்திரக்கடையோட ஃபேஸ்புக் பக்கம் ‘கிரிப்டோ பரிசு’ன்னு மாறிடுச்சு. ஃபாலோ பண்றவங்களுக்கு என்ன தெரியும்?”

பக்கத்தை யாரோ திருடிட்டாங்கன்னு facebook.com/hacked வழியா முறையிட்டு, பக்கம் திரும்பிடுச்சு. ஃபாலோயர் யாரும் தானா விலகல. “புதுப் பதிவுல மட்டும்தான் பேர் மாறும்”னு ஒரு தம்பி சொன்னது பாதிதான் சரி. பழைய குத்துவிளக்குப் படத்து மேலயும் கிரிப்டோ பேர்தான் நின்னுது. அதனால பலருக்கு, தெரியாத பக்கத்தை எப்பவோ ஃபாலோ பண்ணிட்டோம்னு தோணும். பக்கத்தோட Page transparency-ல பழைய பேரும் மாத்தின தேதியும் இருக்கும். அதைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பினதுக்கப்புறம்தான் நம்பினாங்க.

மன்னார்குடி அக்கா சொன்னதுதான் முக்கியம். “ஏமாறாதீங்க”ன்னு நாம போடுற கமெண்ட்டைத் திருடன் மறைச்சா, எழுதினவருக்கும் அவர் நண்பர்களுக்கும் மட்டும் அது தெரியும். எச்சரிச்சாச்சுன்னு நாம சும்மா இருந்துடுவோம். நம்ம நண்பர் பட்டியல்ல இல்லாத வேற கணக்குலேர்ந்து கமெண்ட் தெரியுதான்னு பாருங்க.



பேரை உடனே திருப்ப முடியல. ஒருமுறை மாத்தினா 7 நாள் பொறுக்கணும். திருடன் விளம்பரத்துக்கு நம்ம அட்டையில எடுத்த பணம் இன்னும் திரும்பி வரல.