இரண்டாம் கேள்வியைத் தொட்டால் முதல் கேள்வி அழிந்தது

நூலகத்து மலர்: வாசகர் கருத்துப் படிவம், ஆறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நன்று, சுமார், மோசம். முதல் கேள்விக்கு அக்ரோபாட்டில் மூன்று ரேடியோ பொத்தான்களை வைத்து, அவற்றையே நகலெடுத்து மற்ற ஐந்திலும் ஒட்டினேன். மேலதிகாரி என் மேசையிலேயே நிரப்பிப் பார்த்தார். முதலில் ‘நன்று’. இரண்டாவதில் ‘சுமார்’ என்று அழுத்தினார். மேலே இருந்த ‘நன்று’ மறைந்துவிட்டது. “நான் சொன்னதை ஏன் அழிக்கிறாய்?” என்று படிவத்தைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா, இன்றும் தெரியவில்லை.

பழைய அச்சகம்: உங்களைத்தான். ஒட்டும்போது பெயரும் கூடவே வந்துவிடும். பதினெட்டுப் பொத்தான்களுக்கும் ஒரே பெயர் என்றால் அது பதினெட்டு விடைகள் கொண்ட ஒரே கேள்வி. பொத்தானை இருமுறை சொடுக்கி, General பகுதியில் Name என்பதை இரண்டாம் கேள்விக்கு `q2`, மூன்றாவதற்கு `q3` என்று மாற்றுங்கள்.

சேகர்77: ஒரு கேள்விக்குள் பெயர் ஒன்றாக இருந்தால் போதும், வேறெதையும் தொட வேண்டியதில்லை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய அச்சகம்: போதாது. Options பகுதியில் Radio Button Choice என்று ஒன்று இருக்கிறது. ஒரு கேள்விக்குள் அது ஒவ்வொரு பொத்தானுக்கும் வேறாக இருக்க வேண்டும். ஒரு பொத்தானையே நகலெடுத்து மூன்றாக்கினால் மூன்றிலும் `Choice1` இருக்கும். அதற்குக் கீழே, ஒரே பெயரும் மதிப்பும் கொண்டவை சேர்ந்தே தேர்வாகட்டும் என்ற கட்டத்தில் குறியும் இருந்தால், ஒன்றை அழுத்த மூன்றும் எரியும். குறியில்லாவிட்டால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். அதுதான் பெரிய ஆபத்து.

சேகர்77: எனக்கு எரியவில்லையே. ஆனால் போன மாதம் நிரப்பி வந்த நாற்பது படிவங்களை விரிதாளில் சேர்த்தபோது எல்லோருடைய பதிலும் `Choice1`. மக்கள் ஒருமனதாக இருக்கிறார்கள் என்று அறிக்கையே எழுதிவிட்டேன்.

கிருத்திகா: நாங்கள் தாளில் அச்சிட்டுத்தான் கொடுக்கிறோம். அதிலும் இரண்டு வட்டத்தில் குறி போட்டு வருகிறது. அதற்கு என்ன பெயர் வைப்பது?

தமிழ்ச்செல்வன்: என் தொல்லை வேறு. “கர்ப்பமாக இருக்கிறீர்களா?” என்ற கேள்வியில் ஓர் ஐயா தவறுதலாக ‘ஆம்’ அழுத்திவிட்டார். மறுபடி அழுத்தினாலும் போகவில்லை. ரேடியோவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம், வெறுமைக்குத் திரும்ப முடியாது. ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன்: கட்டாயமில்லாத கேள்விக்கு ரேடியோவே வேண்டாம், செக்பாக்ஸ் வையுங்கள். ஒரு கேள்விக்குள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், Export Value மட்டும் வேறு வேறு. ஒன்றை அழுத்தினால் மற்றது விலகும், அதையே மீண்டும் அழுத்தினால் அழியும். அது பிடிக்காதவர்கள் ஒரு பொத்தான் வைத்து, அதற்கு Reset a form என்ற செயலைக் கொடுத்து, அந்தக் கேள்வியை மட்டும் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ‘பொருந்தாது’ என்று நான்காவது விடையைச் சேருங்கள்.

பழைய அச்சகம்: சதுரத்தைப் பார்த்தால் ஜனங்கள் எத்தனையும் தேர்ந்தெடுக்கலாம் என்றே நினைப்பார்கள். நான் மாட்டேன்.

நூலகத்து மலர்: பெயர்களை மாற்றிவிட்டேன். மேலதிகாரி இப்போது விடுப்பில் இருக்கிறார்.