புதுப்பிப்பு: இரவில் விலை கேட்டவர்கள் 'இன்று' பட்டியலில் வராத சிக்கல்

என் பழைய கேள்வி: "இன்ஸ்டாகிராம் புடவைப் பதிவுகளில் விலை கேட்பவர்கள் தானாக கூகுள் ஷீட்டில் சேர்கிறார்கள். நள்ளிரவுக்குப் பிறகு கேட்டவர்கள் மட்டும் காலைப் பட்டியலில் இல்லையே, ஏன்?"

காரணம் தெரிந்துவிட்டது. நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யூடிசியில் பதிவாகிறது. அதனால் இரவு 12 முதல் காலை 5:30 வரை வரும் கமெண்ட்டுக்கு முந்தைய நாள் தேதி விழுகிறது. பக்கத்து நெடுவரிசையில் இதைப் போட்டு, அதை வைத்து ஃபில்டர் செய்யுங்கள். A நெடுவரிசையில் நேரம் வெறும் எழுத்தாக இருந்தால் வேலை செய்யாமல் போகலாம்.

```
=A2+TIME(5,30,0)
```

விலை கேட்டவர்களைப் பிரிக்க "'rate' என்று தேடினாலே போதும்" என்று சொன்ன அண்ணனுக்கு: பாதி சரி. ஆனால் celebrate என்று எழுதியவரும் அதில் சிக்குகிறார். கமெண்ட் C நெடுவரிசையில் இருந்தால், இது பரவாயில்லை:

```
=REGEXMATCH(LOWER(C2),"விலை|\brate\b|\bprice\b|evlo")
```

"விலை அதிகம்" என்ற புலம்பல் இன்னும் உள்ளே வருகிறது. அதை இப்போதைக்குக் கண்ணால் பார்த்துத்தான் நீக்க வேண்டும்.

தன் கடைக்கு வாட்ஸ்அப் எண்ணும் ஷீட்டில் வருமா என்று கேட்ட அக்காவுக்கு: கமெண்ட்டோடு எண் வராது. 7 நாளுக்குள், ஒரு கமெண்ட்டுக்கு ஒரே ஒரு தனிச்செய்திதான் தானாக அனுப்பலாம். அதில் விலையைச் சொல்லிவிட்டு எண்ணையும் கேட்டுவிடுங்கள்.